நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் ஆலிவ் கிளை எதற்கு?

மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் விற்கும் ஒரு சிறு நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரப் படங்களுக்கு ஸ்டுடியோ வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் பிராம்ப்ட் எழுதி வரவழைத்துக்கொள்கிறார்கள். அந்த வேலையை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். ஒருவர் `sesame oil bottle` என்று தட்டுகிறார்; கறுத்த எண்ணெயும், பக்கத்தில் இரண்டு குச்சிகளும், சீன உணவகத்துச் சாயலுமாக ஒரு படம் வருகிறது. இன்னொருவர் வெறுமனே `oil bottle` என்கிறார். இத்தாலியச் சமையலறையும் ஆலிவ் கிளையும் வந்து நிற்கின்றன. மூன்றாமவர் நம்மூர்க் களை வரட்டும் என்று `traditional Indian` சேர்க்கிறார். பாட்டிலுக்குப் பின்னால் ராஜஸ்தான் அரண்மனை வளைவு எழும்புகிறது.

மூன்றுமே பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தால் மூன்று வெவ்வேறு கடைகளின் விளம்பரம் போல இருக்கும். வாங்குகிறவர் கண்ணுக்கு எந்தக் கடையும் பழகாது.

இதைத் தடுக்கத்தான் பிராம்ப்ட் எழுதுகிறவர்களுக்கென்று ஒரே ஒரு பக்கத்தில் ஸ்டைல் கைடு எழுதும் வழக்கம் வந்திருக்கிறது. பிராண்டுகளுக்குக் கையேடு எழுதுவது புதிதல்ல. நாசா 1970களிலேயே தன் சின்னம், எழுத்து, சிவப்பு நிறம் ஆகியவற்றுக்குத் தடித்த கையேடு போட்டது; டிசைன் படிப்பவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால் அந்த வகைக் கையேட்டைப் படித்தவர்கள் மனிதர்கள். 'கம்பீரமான, நம்பகமான தோற்றம்' என்று எழுதியிருந்தால், அச்சகக்காரரும் டிசைனரும் அதைப் புரிந்துகொண்டு ஏதோ செய்தார்கள். இப்போது அந்தச் சொற்கள் போய்ச் சேரும் இடம் வேறு. எனவே பக்கத்தை எழுதும் முறையும் மாறியாக வேண்டும்.

படம் வரையும் மாடல்கள் சொற்களைக் கற்றுக்கொண்ட விதம்தான் இதற்கெல்லாம் வேர். இணையத்தில் கிடக்கும் படங்களையும் அவற்றோடு ஒட்டியிருக்கும் எழுத்தையும் சேர்த்துச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2022இல் வெளியான லயான்-5பி என்ற தொகுப்பில் மட்டும் சுமார் 585 கோடி படம்-எழுத்து ஜோடிகள் இருந்தன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடலுக்குப் பயிற்சி தந்தது இதன் பகுதிகளை வைத்துத்தான். ஆகவே ஒரு சொல்லைக் கொடுத்தால், அகராதிப் பொருள் வராது. இணையத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எது அதிகம் இருந்ததோ அதுதான் வரும். ஆங்கில இணையத்தில் எண்ணெய் பாட்டில் என்றால் ஆலிவ் எண்ணெய்தான் முன்னால் நிற்கிறது.

ஹெயின்ஸ் நிறுவனம் 2022இல் இதையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. டால்-ஈ 2 மென்பொருளிடம் 'கெட்சப்' என்று மட்டும் கேட்டபோது, கேட்காமலே ஹெயின்ஸ் பாட்டிலின் சாயலில் படங்கள் வந்தன. அதையே விளம்பரமாக வெளியிட்டார்கள். நம்முடைய எண்ணெய்க் கடைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெயர் சொன்னாலும் மாடலுக்குத் தெரியாது. சொல்லிச் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். சொல்லக் கூடாததையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

விலக்கு வைக்கும் சொற்களின் பட்டியலை நிறுவன முதலாளியிடம் கேட்டால், பெரும்பாலும் தவறான பட்டியல்தான் கிடைக்கும். 'மலிவு', 'சாதாரணம்' போன்ற சொற்களை விலக்கச் சொல்வார். அவற்றை யாரும் பிராம்ப்டில் எழுதப்போவதில்லை. உண்மையில் விலக்க வேண்டியவை, நல்ல பிள்ளை போல வந்து காரியத்தைக் கெடுக்கும் சொற்கள். `luxury` என்றால் கறுப்புப் பின்னணியும் தங்க முலாமும் வரும். `cinematic` என்றால் நிழல் நீலப் பச்சையாகவும் முகம் ஆரஞ்சாகவும் மாறும். ஹாலிவுட் படங்களின் நிறச் சேர்க்கை அது. `rustic` போட்டால் மறுபடி இத்தாலி. `vibrant` போட்டால் நிறுவனத்தின் அடக்கமான பச்சை, கிளிப்பச்சையாகக் கத்தத் தொடங்கும்.

இதில் வேடிக்கையானது `hyperrealistic`. நிஜம் போல வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் இதைச் சேர்க்கிறார்கள். ஆனால் நிஜப் புகைப்படத்துக்கு அடியில் 'நிஜம் போலவே இருக்கிறது' என்று யார் எழுதுவார்கள்? ஓவியத்துக்கும் கம்ப்யூட்டரில் செய்த படத்துக்கும்தான் அப்படி எழுதுவார்கள். அதனால் அந்தச் சொல் புகைப்படத்தை விட்டுவிட்டு, மெழுகு பூசிய ஓவியத் தோற்றத்தின் பக்கம் இழுக்கும். `photo` என்று எழுதுவதே போதும்.

ஆட்களைப் பற்றிய சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். 'ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்' என்ற இதழ் 2023இல் மிட்ஜர்னியில் 3,000 படங்களை வரவழைத்து ஆராய்ந்தது. 'ஓர் இந்தியர்' என்று கேட்டபோதெல்லாம் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் தாடி வைத்த முதியவர்தான் வந்தார். நம் பக்கத்தில் `Indian woman` என்பது விலக்கு. `beautiful` என்பதும் விலக்கு. அது வெளிறிய நிறமும் பொம்மை முகமும் கொண்டுவந்துவிடும். வயது, தோல் நிறம், உடுத்தியிருக்கும் துணி, செய்துகொண்டிருக்கும் வேலை என்று விவரித்துத்தான் ஆளை எழுத வேண்டும்.

சட்டத்துக்காக விலக்க வேண்டியவை தனி. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை 2022இல் உலகம் முழுக்க பிராம்ப்டில் போட்டுப் போட்டு, அவர் வெளிப்படையாக மனம் நொந்து பேசும் நிலை வந்தது. உயிரோடிருக்கும் ஓவியர், போட்டி நிறுவனம், நடிகர், நடிகை என எந்தப் பெயரும் கூடாது. நடிகர் அனில் கபூரின் உருவத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவு வழியாகவும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தடை விதித்தது. ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் எழுதாமல் விடக் கூடாது.

விலக்கிவிட்டால் மட்டும் போதாது. அவசரத்தில் இருப்பவர் விலக்கிய சொல்லுக்கு அண்ணன் தம்பியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். `luxury` இல்லையென்றால் `premium`. அதனால் ஒவ்வொரு விலக்குச் சொல்லுக்கும் எதிரே, அதற்குப் பதில் எழுத வேண்டியதை எழுதிவிட வேண்டும். நம் கடைக்கு இப்படி:

```
luxury, premium   -> plain clear glass, empty table
rustic            -> worn wooden plank, red oxide floor
sesame oil        -> golden-amber oil
vibrant           -> (delete)
```

மூன்றாவது வரி முக்கியமானது. எள்ளெண்ணெய்க்கு விளம்பரம் செய்கிறோம். ஆனால் 'எள்ளெண்ணெய்' என்ற சொல்லே விலக்கு! மாடலுக்கு அந்தச் சொல் கிழக்காசியாவின் வறுத்த எள்ளெண்ணெய். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை மட்டும் சொன்னால்தான் நம் வீட்டு நல்லெண்ணெய் வருகிறது.

இன்னொரு பொறி, 'வேண்டாம்' என்று சொல்வது. `no olives` என்று பிராம்ப்டில் எழுதினால் பல மாடல்கள் 'ஆலிவ்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அதை வரைந்து வைக்கும். மிட்ஜர்னியில் இதற்கென்றே கடைசியில் `--no olives` என்று தனியே எழுத வழி இருக்கிறது; ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வேண்டாதவற்றுக்குத் தனிப் பெட்டி உண்டு. பேச்சு நடையில் கட்டளை வாங்கும் புதிய கருவிகள் மறுப்பை ஓரளவு நன்றாகவே புரிந்துகொள்கின்றன. எந்தக் கருவிக்கு எந்த முறை என்று பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது. லேபிளும் இப்படித்தான். `without label` என்று எழுதாமல், `plain clear glass bottle` என்று இருப்பதை மட்டும் சொல்லிவிட்டு, லேபிளையும் லோகோவையும் பிறகு போட்டோஷாப்பில் ஒட்டிக்கொள்ளலாம். லோகோவை மாடலிடம் வரையச் சொல்வதே விலக்கு என்று கொட்டை எழுத்தில் போடலாம்.

அடுத்தது நிறம். நிறுவனத்தின் பழைய கையேட்டில் மூன்று நிறங்கள் இருப்பதாகக் கொள்வோம்: மூடிக்கும் லோகோவுக்கும் பச்சை #1F4D3A, துணிக்கும் பின்னலங்காரத்துக்கும் மஞ்சள் #E3A72F, பின்னணிக்கு வெள்ளை சார்ந்த நிறம் #F6F0E2. இந்தக் கோடுகளை அப்படியே பிராம்ப்டில் ஒட்டினால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களுக்கு அது ஒரு நிறமாகவே போய்ச் சேர்வதில்லை, எழுத்துகளின் துண்டுகளாகத்தான் போய்ச் சேர்கிறது. பச்சை வரலாம், வராமலும் போகலாம். ரீகிராஃப்ட், ஐடியோகிராம் போன்ற சில கருவிகளில் நிறங்களைத் தனியே தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடிகிறது. மற்றவற்றில் சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

அந்தச் சொல்லைத் தேடும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அடர்ந்த பச்சைக்கு ஆங்கிலத்தில் `bottle green` என்ற அழகான பெயர் இருக்கிறது. எழுதிப் பாருங்கள்: மூடி பச்சையாவதற்குப் பதில் பாட்டிலே பச்சையாகிவிடும். சரி, `forest green`? பின்னணியில் மரம் முளைக்கும். மஞ்சளுக்கு `turmeric yellow` என்றால் மேசைமேல் மஞ்சள் கிழங்கு கிடக்கும். `mustard` என்றால் கடுகுப் பூவோ, டப்பாவில் சாஸோ. பொருளின் பெயரில் இருக்கும் நிறச் சொல், நிறத்தோடு பொருளையும் கையைப் பிடித்துக் கூட்டி வரும். வண்ணப் பொடியின் பெயரோ வெறும் நிறத்தின் பெயரோதான் பாதுகாப்பு. கடைசியில் நம் பக்கத்தில் நிற்பவை `dark green`, `ochre yellow`, `off-white`. கவிதை இல்லைதான், ஆனால் மரமும் கிழங்கும் வராது.

நிறத்தைத் தனியே விடவும் கூடாது. 'பச்சை, மஞ்சள், வெள்ளை' என்று வரிசையாக எழுதினால் எது எதில் ஏறும் என்று சொல்ல முடியாது. துணி பச்சையாகி மூடி மஞ்சளாகும். ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பொருளோடு கட்டிவிட வேண்டும்: பச்சை மூடி, மஞ்சள் துணி, வெள்ளைச் சுவர். ஒரு பிராம்ப்டில் மூன்று நிறத்துக்கு மேல் போனால் கட்டு அவிழத் தொடங்குகிறது. அதனால் பக்கத்தில் நான்காவது நிறத்துக்கு இடமே கொடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நிறத்தை ஒரே சொல்லில் கெடுக்க முடியும். அந்தச் சொல் வெளிச்சத்தைப் பற்றியதாக இருக்கும். `golden hour` என்று ஒருவர் சேர்த்துவிட்டால், வெள்ளைச் சுவர் மஞ்சளாகும். பச்சை மூடி காய்ந்த இலை நிறத்துக்குப் போகும். மஞ்சள் துணி ஆரஞ்சாகும். மாலை வெயிலில் நிஜப் பொருளுக்கும் இதுதான் நடக்கும்; மாடலைக் குறை சொல்ல முடியாது. ஆகவே ஒளியும் நிறமும் இரண்டு தலைப்பு அல்ல. ஒளியைக் கட்டாமல் நிறத்தைக் கட்ட முடியாது. பக்கத்தில் மிக முக்கியமான வரி எது என்று கேட்டால், வெளிச்சத்துக்கான வரிதான்.

அதனால்தான் வெளிச்சத்துக்கு மட்டும் யாரும் சொந்தச் சொல் போடக் கூடாது. பக்கத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்ட வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். `soft morning light` என்பதும் `gentle sunlight` என்பதும் மனிதருக்கு ஒன்றுதான். மாடலுக்கு அவை வெவ்வேறு படக் குவியல்களின் விலாசம்.

எண்ணெய் பாட்டிலுக்கான ஒளியை எப்படி முடிவு செய்வது? அதைப் புகைப்படக்காரரிடம் கேட்க வேண்டும். எண்ணெய், தேன், சர்பத் போன்றவற்றை முன்னாலிருந்து வெளிச்சம் போட்டு எடுத்தால் கறுத்துத் தெரியும். பாட்டிலில் இருப்பது எண்ணெயா கஷாயமா என்ற சந்தேகம் வரும். வெளிச்சம் பின்னாலிருந்து திரவத்துக்குள் புகுந்து வந்தால்தான் அந்தத் தங்க நிறம் எரியும். ஸ்டுடியோவில் பாட்டிலின் வடிவத்துக்கே வெள்ளை அட்டையை வெட்டிப் பாட்டிலுக்குப் பின்னால், கேமரா கண்ணில் படாமல் மறைத்து வைப்பார்கள். அந்த அட்டை செய்யும் வேலையை இங்கே சொல் செய்ய வேண்டும்:

```
photo, plain clear glass bottle of golden-amber oil,
dark green cap, soft window light from behind, off-white wall
```

புகைப்படக்காரர் '5,500 கெல்வின், 45 டிகிரி' என்று எண்ணில் பேசுவார். அந்த எண்களைப் பிராம்ப்டில் எழுதிப் பெரிய பயனில்லை. படங்களுக்கு அடியில் யாரும் அப்படி எழுதி வைப்பதில்லையே. ஜன்னல், மேகமூட்டம், பல்பு என்று கண்ணால் பார்க்கிற மூலத்தைச் சொன்னால் வேலை நடக்கிறது. இடது, வலது என்பதையும் நம்ப முடியாது. படத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

வரி சின்னதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தொடக்க கால ஸ்டேபிள் டிஃப்யூஷனில் பிராம்ப்டைப் படிக்கும் பகுதி 77 சொல்துண்டுகளுக்கு மேல் வாங்காது. நீளமாக எழுதினால் வால் அறுந்து போகும். வெளிச்சத்தைக் கடைசியில் எழுதும் பழக்கமுள்ளவர்களுக்கு முதலில் அறுந்தது வெளிச்சம்தான். பிந்தைய மாடல்கள் அதிகம் வாங்குகின்றன. ஆனால் டால்-ஈ 3 போன்றவை வேறு விதம்: நாம் எழுதியதைத் தானே விரித்து எழுதிக்கொண்டு அதை வைத்துத்தான் வரையும். நிலையான வரி நிலையாக இருந்ததா என்பதை, அது திருத்தி எழுதியதைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

இப்போது இந்தப் பக்கத்தைத் தீபாவளிக்குக் கொண்டுபோவோம். நல்லெண்ணெய் விற்கிறவருக்கு இதைவிடப் பெரிய நாள் கிடையாது. பிராம்ப்ட் எழுதுகிறவர் யோசிக்காமல் `Diwali` என்று தட்டுவார். ரங்கோலி, அகல் விளக்கு வரிசை, லெஹங்கா கட்டிய குடும்பம், வானத்தில் வாணவேடிக்கை எல்லாம் வரும். எண்ணெய்க் குளியல் மட்டும் வராது. விடிவதற்கு முன் எழுப்பி, மணையில் உட்கார வைத்து, உச்சந்தலையில் பாட்டி எண்ணெய் வைக்கும் காட்சியை அந்தச் சொல் அறியாது. `Diwali` விலக்குப் பட்டியலுக்குப் போகிறது. காட்சியை விவரித்து எழுத வேண்டியதுதான்:

```
photo, grandmother in a worn cotton saree rubbing oil into
a sleepy boy's hair, boy on a low wooden plank seat,
before dawn, one warm bulb indoors, deep blue window
```

கவனித்தால், கடைசி வரி புதிய வெளிச்சம். விடியற்காலையில் ஜன்னல் ஒளி இருக்காது, பல்புதான். எனவே பக்கத்தில் இரண்டாவது நிலையான வரியாக இது ஏறுகிறது. மூன்றாவதாகப் பகல் நேரச் சமையலறைக்கு மேகமூட்ட வெளிச்சம். மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பத்து வரி கொடுத்தால் பத்தும் கலந்து போய், ஒன்றும் கொடுக்காததற்குச் சமமாகிவிடும்.

ஒரு படம் பக்கத்துக்கு உட்பட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்தால் சண்டைதான் வரும். சின்ன அளவுகோல் ஒன்று போதும். படம் திருத்தும் மென்பொருளில் நிறத்தைத் தொட்டுப் பார்க்கும் ஐடிராப்பரை எடுத்து, நிழலும் விழாமல் பளிச்சென்றும் இல்லாமல் நடுவாந்தரமாக இருக்கும் சுவரில் வைக்க வேண்டும். நம் பின்னணி நிறம் #F6F0E2 என்பது சிவப்பு 246, பச்சை 240, நீலம் 226. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடைவெளி 20. வெளிச்சம் எவ்வளவு மஞ்சளாகிறதோ அந்த அளவுக்கு இந்த இடைவெளி விரியும். 40 வரை சரி, அதற்கு மேல் போனால் திருப்பி அனுப்பு என்று பக்கத்தில் எழுதலாம். எங்கிருந்தோ `golden` ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் இங்கே அகப்பட்டுவிடும். விடியற்காலைப் படத்துக்கு இந்த விதி பொருந்தாது. பல்பு வெளிச்சத்தில் சுவர் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். அங்கே எண்ணெயின் நிறத்தையும் ஜன்னலின் நீலத்தையும் மட்டும் பார்த்தால் போதும்.

விலக்குப் பட்டியலில் புதுச் சொல் சேர்ப்பதற்கும் இதே போல் சோதனை வேண்டும். பிடிக்காத சொல்லையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் பக்கம் வீங்கும், யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பிராம்ப்டை, சந்தேகப்படும் சொல் இல்லாமல் நான்கு படம், இருந்து நான்கு படம் என எடுத்துப் பார்க்கலாம். மிட்ஜர்னியில் `--seed` எண்ணை மாற்றாமல் வைத்தால் ஒரே இடத்திலிருந்து தொடங்கும். வித்தியாசம் அந்தச் சொல்லால் வந்ததா என்று தெரிந்துவிடும். எட்டுப் படத்திலும் வேறுபாடு இல்லையென்றால் அது வெற்றுச் சொல். விலக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

முழுப் பக்கத்துக்கும் ஒரு பரீட்சை உண்டு. பாட்டில், சமையலறை, எண்ணெய்க் குளியல் என மூன்று காட்சி. ஒவ்வொன்றுக்கும் நான்கு படம். பன்னிரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, செல்போன் திரையில் தெரியும் அளவுக்குச் சிறிதாக்கி, இந்த வேலையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டி, இவை ஒரே கடையின் படங்களா என்று கேட்கலாம். பொருந்தாமல் துருத்தும் படத்தை அவர் சில நொடிகளில் தொட்டுக் காட்டிவிடுவார். அந்தப் படத்தின் பிராம்ப்டை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் யாரோ வெளிச்ச வரியில் ஒரு சொல்லைத் தன் ரசனைக்கு மாற்றியிருப்பார்.

இந்தப் பன்னிரண்டு படங்களைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மிட்ஜர்னியின் ஆறாம் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது, ஏழாம் பதிப்பு 2025 ஏப்ரலில். பதிப்பு மாறினால் அதே சொல்லுக்கு வேறு படம் வரும். போன பதிப்பில் மரம் முளைக்க வைத்த சொல் இப்போது சாதுவாகியிருக்கலாம். சாதுவாக இருந்தது பல் காட்டலாம். பழைய பிராம்ப்டுகளைப் புதிய பதிப்பில் ஓட்டி, பழைய பன்னிரண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நாள் ஆகும். அதனால் பக்கத்தின் அடியில் இரண்டு விவரம் கட்டாயம் இருக்க வேண்டும்: எந்த மாடலின் எந்தப் பதிப்பில் சோதித்தது, எந்தத் தேதியில். அந்த இரண்டும் இல்லாத ஸ்டைல் கைடை யாராவது கையில் கொடுத்தால், வேலையைத் தொடங்கும் முன் கேட்டு வாங்கிவிடுங்கள்.